3 கோடியே 70 லட்சத்தில் ஒருவர்: டி.என்.ஏ. பொருத்தக் கணக்கு பற்றிய கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தில் போல்டன் திருட்டு வழக்கில் டி.என்.ஏ. சோதனையே தவறிவிட்டது என்கிறார்கள். உண்மையா?

சோதனை தவறவில்லை. அது சொன்ன எண்ணைப் புரிந்துகொண்டவர்கள்தான் தவறினார்கள்.

1999-இல் போல்டன் நகரில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தது. அங்கே கிடைத்த உயிரியல் தடயத்தின் டி.என்.ஏ. விவரத்தை இங்கிலாந்தின் தேசிய டி.என்.ஏ. தரவுத்தளத்தில் தேடியபோது ஒருவருடைய விவரம் பொருந்தி வந்தது. ஆறு இடங்களில் ஒப்பிட்டார்கள்; ஆறும் ஒத்துப்போயின. தொடர்பில்லாத ஒருவரிடம் இப்படிப் பொருந்த 3 கோடியே 70 லட்சத்தில் ஒன்றுதான் வாய்ப்பு என்று கணக்குச் சொன்னது. அவரைக் கைது செய்து வழக்குப் பதிந்தார்கள்.

ஆனால் அந்த மனிதர் போல்டனிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் வசித்தவர். கடும் நோயால் உடல் தளர்ந்து, துணையின்றி நடமாடவே சிரமப்பட்டவர். திருட்டு நடந்த நேரத்தில் வீட்டில்தான் இருந்தார் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அவருடைய வழக்கறிஞர் விடாப்பிடியாக மறுசோதனை கேட்டார். மேலும் நான்கு இடங்களைச் சேர்த்துப் பத்து இடங்களில் ஒப்பிட்டதும் அவருடைய விவரம் தடயத்தோடு பொருந்தவில்லை. வழக்கு கைவிடப்பட்டது.

ஆறு இடங்களில் பொருந்தியதும் உண்மை, தடயம் அவருடையது அல்ல என்பதும் உண்மை. இரண்டும் ஒருசேர எப்படி உண்மையாக முடியும் என்பதைத்தான் கீழே உள்ள பதில்கள் விளக்குகின்றன.

அந்த "இடங்களில்" எதை அளக்கிறார்கள்?

நம் டி.என்.ஏ.வில் சில பகுதிகளில் நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு சிறு துண்டு அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும். உதாரணமாக, பதினோராவது குரோமோசோமில் TH01 என்ற இடத்தில் AATG என்ற துண்டு சிலருக்கு ஆறு முறையும் சிலருக்கு எட்டு முறையும் வரும். இப்படிப்பட்ட பகுதிக்குக் குறுந்தொடர் மீள்வரிசை என்று பெயர், தடயவியலில் எஸ்.டி.ஆர். என்பார்கள். எத்தனை முறை திரும்ப வருகிறது என்ற எண்ணிக்கைதான் அந்த இடத்தின் அல்லீல்.

தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு இடத்திலும் நமக்கு இரண்டு அல்லீல்கள் இருக்கும். அதனால் ஒருவரின் TH01 விவரத்தை "6, 9.3" என்று எழுதுகிறோம். இதில் 9.3 என்பது தசம எண் அல்ல: ஒன்பது முழுத் துண்டுகளும், ஓர் எழுத்து குறைந்து மூன்றெழுத்தாக நிற்கும் ஒரு துண்டும் இருக்கின்றன என்று பொருள். ஐரோப்பியரிடையே இது மிகவும் சாதாரணமான அல்லீல்.

ஆய்வகத்தில் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, தேவையான இடங்களை மட்டும் பி.சி.ஆர். முறையில் ஒரே குழாயில் பெருக்குகிறார்கள். சுமார் ஒரு நானோகிராம் இருந்தாலே போதும். அது நூற்றைம்பது செல்களில் இருக்கும் அளவு. பெருகிய துண்டுகளில் நிறச்சாயம் ஒட்டியிருக்கும். அவற்றை மெல்லிய நுண்குழாய் வழியாக மின்னழுத்தத்தால் ஓடவிட்டால், குட்டையானவை முதலிலும் நீளமானவை பிறகும் வந்து சேரும். ஒவ்வொன்றும் திரையில் ஒரு சிகரமாகத் தெரியும். சிகரம் விழும் இடத்தை, தெரிந்த அல்லீல்களை அடுக்கிவைத்த அளவுகோலோடு ஒப்பிட்டு எண்ணைப் படிக்கிறார்கள்.

இங்கிலாந்து 1995-இல் தரவுத்தளத்தைத் தொடங்கியபோது VWA, TH01, D8S1179, FGA, D21S11, D18S51 என்ற ஆறு இடங்களைப் பயன்படுத்தியது. அதோடு ஆண் பெண் அறியும் சோதனை ஒன்று. 1999-இல் பத்து இடங்களுக்கு மாறியது. அமெரிக்கா 1990களின் இறுதியில் பதின்மூன்று இடங்களோடு தொடங்கி, 2017 முதல் இருபது இடங்களைக் கேட்கிறது.

கோடிகளில் வரும் எண் எங்கிருந்து கிடைக்கிறது? ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

முதலில் மக்கள்தொகையிலிருந்து ஒரு மாதிரியை எடுத்து, ஒவ்வோர் அல்லீலும் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று எண்ணுகிறார்கள். ஓர் அல்லீலின் பங்கு p, மற்றொன்றின் பங்கு q என்று கொள்வோம். தாயும் தந்தையும் தரும் அல்லீல்கள் ஒன்றையொன்று சாராதவை என்றால், இரண்டும் ஒரே அல்லீலாக அமைய வாய்ப்பு p². இரண்டும் வேறு வேறாக அமைய வாய்ப்பு 2pq. எது தாயிடமிருந்து, எது தந்தையிடமிருந்து என்று இரண்டு வழிகள் இருப்பதால் அந்த 2. இதுதான் ஹார்டி–வெய்ன்பெர்க் விதி.

கீழே உள்ள விவரம் நான் அமைத்தது. பங்குகள் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் காணப்படும் அளவுகளை ஒட்டி, கணக்கு எளிதாக இருக்கும்படி தோராயமாக்கியவை.

```
TH01     6, 9.3   2 × 0.23 × 0.35 = 0.161
VWA      17, 17   0.28 × 0.28     = 0.0784
D8S1179  13, 14   2 × 0.30 × 0.17 = 0.102
FGA      21, 22   2 × 0.18 × 0.22 = 0.0792
D21S11   29, 30   2 × 0.20 × 0.28 = 0.112
D18S51   14, 16   2 × 0.14 × 0.14 = 0.0392
```

தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் அரிதல்ல. TH01-இல் ஆறு பேரில் ஒருவருக்கு இந்த விவரம் இருக்கும். மிக அரிதான D18S51-இலும் இருபத்தைந்து பேரில் ஒருவருக்கு இருக்கும். ஆறையும் பெருக்கினால் 0.00000045 வருகிறது. அதாவது சுமார் 22 லட்சத்தில் ஒருவர். இதுவே இந்த விவரத்தின் தற்செயல் பொருத்த நிகழ்தகவு.

போல்டன் வழக்கின் 3 கோடியே 70 லட்சத்துக்கும் இதற்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு? நான் வேண்டுமென்றே ஒவ்வோர் இடத்திலும் பரவலான அல்லீல்களை எடுத்தேன். ஓரிரு இடங்களில் சற்று அரிதான அல்லீல் வந்தால் போதும், எண் பத்து, இருபது மடங்கு மாறிவிடும். "டி.என்.ஏ. பொருத்தம் என்றால் இத்தனை கோடியில் ஒன்று" என்று எல்லோருக்கும் பொதுவான எண் கிடையாது. ஒவ்வொரு விவரத்துக்கும் அதற்குரிய எண்தான் உண்டு.

சில நூறு பேரை மட்டும் சோதித்துவிட்டு, கோடியில் ஒருவர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

முழு விவரத்தையும் யாரும் எண்ணுவதில்லை. எண்ணுவது ஒவ்வோர் இடத்தின் அல்லீல்களை மட்டுமே. ஓரிடத்தில் பரவலாகக் காணப்படும் அல்லீல்கள் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டுதான். இருநூறு பேரிடம் நானூறு அல்லீல்கள் இருக்கும். பரவலான அல்லீலின் பங்கை அறிய அது ஓரளவு போதும். மாதிரியில் ஒருமுறைகூடத் தென்படாத அரிய அல்லீல் தடயத்தில் வந்தால் அதன் பங்கைச் சுழியம் என்று வைக்கக் கூடாது. குறைந்தது ஐந்து முறை பார்த்ததாகக் கொள்வது அமெரிக்காவில் நிலைத்த வழக்கம். இருநூறு பேர் மாதிரியில் அது 5/400, அதாவது 0.0125.

ஆனால் கேள்வியில் உள்ள சந்தேகம் நியாயமானது. அல்லீல் பங்குகள் அளந்து பெற்றவை. கோடி என்ற எண்ணோ அளந்து பெற்றது அல்ல, பெருக்கிப் பெற்றது. பெருக்கலாம் என்ற அனுமானம் சரியாக இருக்கும் அளவுக்குத்தான் அந்த எண்ணும் சரி.

எல்லாம் ஒரே மனிதனுடைய உடலில் இருப்பவைதானே? அவற்றைச் சார்பிலா நிகழ்ச்சிகள் என்று கருதிப் பெருக்குவது சரியா?

தவறாகப் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு டி.என்.ஏ. காலத்துக்கு முந்திய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1964-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஒரு வழிப்பறியில், சாட்சிகள் சொன்ன அடையாளங்களுக்கு அரசுத் தரப்பு தானாகவே வாய்ப்புகளை வைத்தது. மீசை வைத்த ஆண் நான்கில் ஒன்று, தாடி வைத்த கறுப்பின ஆண் பத்தில் ஒன்று, பொன்னிறக் கூந்தல் பெண் மூன்றில் ஒன்று, ஒரே காரில் கறுப்பு வெள்ளை இணை ஆயிரத்தில் ஒன்று என்று போய், எல்லாவற்றையும் பெருக்கி 1 கோடியே 20 லட்சத்தில் ஒன்று என்றது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1968-இல் அந்த வழக்கில் வந்த தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தது. அந்த வாய்ப்புகளுக்கு எந்த ஆதாரமும் இல்லை. தாடி வைத்தவர்களில் பெரும்பாலோர் மீசையும் வைத்திருப்பார்கள். ஒன்று தெரிந்தால் மற்றொன்றின் வாய்ப்பு மாறிவிடுகிறது. பெருக்கல் விதி கேட்பது இதைத்தான்: ஒன்றைத் தெரிந்துகொண்டதால் மற்றொன்றைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவரக் கூடாது.

எஸ்.டி.ஆர். இடங்கள் இந்தத் தேர்வில் பெரும்பாலும் தேறிவிடுகின்றன. அதற்கு உயிரியல் காரணம் உண்டு. மேலே சொன்ன ஆறு இடங்களும் 11, 12, 8, 4, 21, 18 என ஆறு வேறு குரோமோசோம்களில் இருக்கின்றன. விந்தோ கருமுட்டையோ உருவாகும்போது ஒவ்வொரு குரோமோசோமும் தனித்தனியாகப் பங்கிடப்படுகிறது. TH01-இல் தந்தையின் எந்தப் பிரதி வந்தது என்பதற்கும் FGA-இல் எது வந்தது என்பதற்கும் தொடர்பில்லை.

ஒரே குரோமோசோமில் இரண்டு இடங்கள் அமைந்தால்? இன்றைய இருபது இடப் பட்டியலில் VWA, D12S391 இரண்டும் பன்னிரண்டாவது குரோமோசோமில் சுமார் அறுபது லட்சம் எழுத்துகள் இடைவெளியில் இருக்கின்றன. ஒரு குடும்பத்துக்குள் இவை பெரும்பாலும் சேர்ந்தே கைமாறும். ஆகவே உறவினர்களை ஒப்பிடும் கணக்கில் இவற்றைத் தனித்தனியாகப் பெருக்கக் கூடாது. ஆனால் பல நூறு தலைமுறைகளில் குரோமோசோம் துண்டுகள் மாறிமாறி இணைந்திருப்பதால், உறவில்லாத மக்களிடையே ஓரிடத்தின் அல்லீல் மற்றதன் அல்லீலைக் காட்டிக்கொடுப்பதில்லை. அங்கே பெருக்கலாம்.

உண்மையான ஆபத்து குரோமோசோமில் இல்லை, திருமண வழக்கத்தில் இருக்கிறது. அது அடுத்த கேள்வி.

நம் ஊரில் சாதிக்குள்ளேயும் சொந்தத்துக்குள்ளேயும் திருமணம் செய்கிறார்கள். அப்போது இந்தக் கணக்கு நிற்குமா?

சற்றுத் திருத்தினால் நிற்கும். திருத்தாமல் பயன்படுத்தினால் சந்தேக நபருக்கு அநீதியாகும்.

மக்கள் தங்களுக்குள்ளேயே மணந்துகொள்ளும் உட்குழுக்களாகப் பிரிந்திருந்தால், ஒரு குழுவில் உள்ளவர்கள் தொலைவான பொது மூதாதையர்களிடமிருந்து ஒரே அல்லீலைப் பெற்றிருக்கும் வாய்ப்பு கூடும். குற்றவாளியும் சந்தேக நபரும் ஒரே குழுவினர் என்றால், மாநிலம் முழுவதற்குமான அல்லீல் பங்கு அந்தக் குழுவின் உண்மை நிலையைக் குறைத்துக் காட்டலாம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மரபியலாளர்கள் கடுமையாக மோதிக்கொண்டது இதைப் பற்றித்தான். 1996-இல் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் குழு தந்த அறிக்கை ஒரு வழி காட்டியது: குழுப் பிரிவின் அளவை θ என்ற எண்ணால் குறித்து, பொதுவாக 0.01, சிறிய தனித்த சமூகங்களுக்கு 0.03 என்று வைத்துக் கணக்கைத் திருத்தலாம். சந்தேக நபரின் உட்குழுவுக்கே உரிய சூத்திரங்கள் இவை:

```
ஒரே அல்லீல் இரண்டு:
[2θ + (1−θ)p] [3θ + (1−θ)p] / [(1+θ)(1+2θ)]

வேறு வேறு அல்லீல்கள்:
2 [θ + (1−θ)p] [θ + (1−θ)q] / [(1+θ)(1+2θ)]
```

θ-வைச் சுழியமாக்கினால் பழைய p², 2pq திரும்ப வருவதைப் பார்க்கலாம். மேலே உள்ள விவரத்தில் VWA 17, 17-இன் 0.0784, θ = 0.03 என்று வைத்ததும் 0.11 ஆகிறது. ஆறு இடங்களுக்கும் இப்படித் திருத்திப் பெருக்கினால் 22 லட்சத்தில் ஒன்று என்பது சுமார் 8 லட்சத்தில் ஒன்றாகக் குறைகிறது. ஆறு இடங்களில் இந்த வேறுபாடு இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். இடங்கள் கூடக் கூட வேறுபாடும் பெருகும்.

அக்காள் மகளை, மாமன் மகளை மணப்பது இன்னொரு வகை விளைவைத் தருகிறது. அந்தத் திருமணத்தில் பிறந்த குழந்தைக்கு இரு பிரதிகளும் ஒரே அல்லீலாக அமையும் வாய்ப்பு கூடுகிறது. தாய்மாமன் – மருமகள் திருமணம் என்றால் p² என்பது p² + p(1−p)/8 ஆகும். VWA 17, 17-க்கு 0.0784-க்குப் பதில் 0.104. இப்படிப்பட்ட திருமணங்கள் பரவலாக உள்ள தென்னிந்தியச் சமூகங்களுக்கு, ஐரோப்பிய வம்சாவளியினரின் பட்டியலையும் θ = 0.01-ஐயும் அப்படியே எடுத்துப் போடுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. ஆய்வகத்தின் அறிக்கையில் எந்த மக்களின் பங்குப் பட்டியல், எந்த θ என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் கேட்க வேண்டும்.

உடன்பிறந்தவர் என்றால்?

கோடிகள் எல்லாம் கரைந்துவிடும். உடன்பிறந்த இருவர் ஓரிடத்தில் இரண்டு பிரதிகளையும் ஒன்றுபோலப் பெற நான்கில் ஒன்று வாய்ப்பு உண்டு. தற்செயலாகவும் ஒத்துப்போகலாம் என்பதால் உண்மையில் ஓரிடத்தில் பொருந்தும் வாய்ப்பு பெரும்பாலும் மூன்றில் ஒன்றிலிருந்து ஐந்தில் இரண்டு வரை இருக்கும். மேலே உள்ள ஆறு இடங்களுக்கும் உடன்பிறந்தோருக்கான சூத்திரத்தைப் போட்டுப் பெருக்கினால் சுமார் 300-இல் ஒன்று வருகிறது. அதே விவரம், அதே அல்லீல்கள். "உறவில்லாத ஒருவர்" என்பதற்குப் பதில் "அவருடைய தம்பி" என்று கேட்டதும் 22 லட்சம் 300 ஆகிவிட்டது. ஆகவே "தம்பி செய்திருக்கலாம்" என்று எதிர்த்தரப்பு சொன்னால், அதற்கு விடை தம்பியின் மாதிரியைச் சோதிப்பதுதான். பெரிய எண்ணைத் திரும்பச் சொல்வது விடையாகாது.

வாய்ப்பு 3 கோடியே 70 லட்சத்தில் ஒன்றுதானே? பிறகு போல்டன் வழக்கில் அது எப்படி நிகழ்ந்தது?

அந்த எண் ஒரே ஓர் ஒப்பீட்டுக்கு உரியது. தடயத்தை ஒரு குறிப்பிட்ட மனிதரோடு ஒப்பிட்டால், அவர் தொடர்பில்லாதவராக இருந்தும் பொருந்தும் வாய்ப்பு அவ்வளவுதான். ஆனால் காவல் துறை ஒருவரோடு ஒப்பிடவில்லை. அன்று தரவுத்தளத்தில் ஏறத்தாழ ஏழு லட்சம் பேரின் விவரங்கள் இருந்தன. ஏழு லட்சம் ஒப்பீடுகளில் தற்செயலாக ஒன்றாவது பொருந்த, 7 லட்சத்தை 3 கோடியே 70 லட்சத்தால் வகுத்தால் சுமார் 53-இல் ஒன்று. இதே அளவு அரிதான ஆயிரம் தடயங்களைத் தேடினால், குற்றத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் மேல் பத்தொன்பது பொருத்தங்கள் விழும் என்று எதிர்பார்க்க வேண்டும். நான் அமைத்த 22 லட்ச விவரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: மூன்று தடயங்களுக்கு ஒரு தவறான பொருத்தம்.

ஆகவே தற்செயல் பொருத்தம் எப்போதாவது வரும் என்பது முன்கூட்டியே கணக்கிட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய செய்தி. அது யார் தலையில் விழும் என்பது மட்டும்தான் தெரியாது. கூடுதல் இடங்கள் இதற்குச் சரியான மருந்து. ஓரிடத்தில் பொருந்தும் வாய்ப்பு சராசரியாகப் பத்தில் ஒன்று என்றால் நான்கு இடங்கள் கூடினாலே எண் பத்தாயிரம் மடங்கு அரிதாகும். அந்தப் பத்தொன்பது ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போகும்.

அரிசோனா தரவுத்தளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இணைகள் ஒன்பது இடங்களில் பொருந்தின என்று படித்தேன். அது பெருக்கல் விதியை உடைத்துவிடவில்லையா?

2001-இல் அம்மாநில ஆய்வகத்தில் ஒருவர் இப்படி ஓர் இணையைக் கவனித்தார். பிறகு நீதிமன்ற உத்தரவின்படி முழுத் தரவுத்தளத்தையும் தேடினார்கள். இருந்தவை 65,493 விவரங்கள். பதின்மூன்று இடங்களில் ஒன்பதில் பொருந்திய இணைகள் 122, பத்தில் பொருந்தியவை 20. பதினொன்றிலும் பன்னிரண்டிலும் ஒவ்வோர் இணை, அவை உடன்பிறந்தவர்கள்.

பயப்படும் முன் எத்தனை ஒப்பீடுகள் நடந்தன என்று பாருங்கள். 65,493 பேரில் ஒவ்வொருவரையும் மற்ற எல்லோரோடும் ஒப்பிட்டால் சுமார் 214 கோடி இணைகள். எந்த ஒன்பது என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. பதின்மூன்றில் ஒன்பதைத் தேர்ந்தெடுக்க 715 வழிகள். இரண்டையும் பெருக்கினால் ஒன்றரை லட்சம் கோடி முயற்சிகள். இருவர் ஓரிடத்தில் பொருந்தும் வாய்ப்பைச் சராசரியாகப் பதின்மூன்றில் ஒன்று என்று வைத்தால், ஒன்பது இடங்களில் பொருந்தி மற்ற நான்கில் பொருந்தாமல் இருக்கும் இணைகள் சுமார் நூறு வர வேண்டும். வந்தது 122. தரவுத்தளத்தில் உறவினர்களும் இருப்பார்கள் என்பதை நினைத்தால் இது பெருக்கல் விதிக்குச் சாதகமான சான்றாகவே எனக்குப் படுகிறது.

அப்படியானால், "இவர் குற்றமற்றவராக இருக்க 3 கோடியே 70 லட்சத்தில் ஒன்றுதான் வாய்ப்பு" என்று சொல்லலாமா?

கூடாது. இதைத் திருத்த நீதிமன்றங்களே பலமுறை தலையிட வேண்டியிருந்தது.

தற்செயல் பொருத்த நிகழ்தகவு விடை சொல்லும் கேள்வி இது: தடயம் இவருடையது அல்ல என்றால், இவர் விவரம் பொருந்த என்ன வாய்ப்பு? நீதிமன்றம் அறிய விரும்புவது இதன் தலைகீழ்: விவரம் பொருந்தியிருக்கிறது, அப்படியானால் தடயம் இவருடையது அல்லாமலிருக்க என்ன வாய்ப்பு? முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக, இவரைத் தவிர வேறு எத்தனை பேர் செய்திருக்கக்கூடும் என்பதும் மற்றச் சான்றுகளும் வேண்டும்.

இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996-இல் இதை எளிதாக விளக்கியது. பத்து லட்சத்தில் ஒருவருக்கு உள்ள விவரம் என்றால், அந்நாட்டில் அதே விவரமுள்ள ஆண்கள் சுமார் 26 பேர் இருப்பார்கள். சந்தேக நபர் அவர்களில் ஒருவர். வேறு சான்றே இல்லாவிட்டால் டி.என்.ஏ. சொல்வது அவ்வளவுதான். அந்த 26 பேரில் இவர் மட்டும் சம்பவ இடத்துக்கு அருகில் இருந்தார் என்று வேறு சான்று வந்தால் நிலைமை முற்றிலும் மாறும்.

போல்டன் வழக்குக்கு இதைப் போட்டுப் பாருங்கள். அன்று பிரிட்டனின் மக்கள்தொகை 6 கோடிக்குச் சற்றுக் குறைவு. 3 கோடியே 70 லட்சத்தில் ஒருவர் என்றால் அந்த விவரம் உள்ள வேறு ஒருவரோ இருவரோ நாட்டில் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். தரவுத்தளம் தந்த பெயரைத் தவிர வேறு சான்று எதுவும் இல்லை. எதிராகவோ தொலைவு, நோய், குடும்பத்தாரின் சாட்சி மூன்றும் இருந்தன. இவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட்டிருந்தால், கைது செய்யும் முன்பே கூடுதல் இடங்களைச் சோதித்திருப்பார்கள்.

இப்போது இருபது இடங்களைச் சோதிக்கிறார்களே, இனி இந்தக் கவலை எதற்கு?

சுத்தமான, ஒரே ஆளுடைய, முழுமையான விவரத்துக்குக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இருபது இடங்களில் பெருக்கினால் வரும் எண், உலக மக்கள்தொகையைவிடக் கோடிக்கணக்கான மடங்கு பெரியது.

ஆனால் தடயங்கள் அப்படிச் சுத்தமாகக் கிடைப்பதில்லை. வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த இரத்தக் கறையில் டி.என்.ஏ. துண்டுதுண்டாகச் சிதைந்திருக்கும். அப்போது நீளமான துண்டுகள் தேவைப்படும் இடங்கள் முதலில் காணாமல் போகும். திரையில் இடப்புறச் சிகரங்கள் உயரமாகவும் வலப்புறம் போகப் போகச் சரிந்துகொண்டே போவதாகவும் தெரியும். இருபதில் ஏழு மட்டும் படிக்க முடிந்தால், எண்ணும் ஏழு இடங்களுக்கு உரியதுதான். நாம் மீண்டும் லட்சங்களுக்கும் கோடிகளுக்கும் வந்துவிடுகிறோம். அதைத் தரவுத்தளத்தில் தேடினால் மேலே சொன்ன 53-இல் ஒன்று என்ற கணக்கு மீண்டும் உயிர் பெறும். தரவுத்தளங்களும் இன்று ஏழு லட்சத்தில் நிற்கவில்லை.

டி.என்.ஏ. மிகக் குறைவாக இருந்தால் இரண்டு அல்லீல்களில் ஒன்று பெருகாமலே விட்டுப்போகலாம். உண்மையில் 14, 17 ஆக இருப்பது 17 மட்டுமாகத் தெரியும். அதை 17, 17 என்று படித்து p² போட்டால் விடை தவறு. சிகரம் தாழ்ந்திருப்பதே எச்சரிக்கை. உண்மைச் சிகரத்துக்கு ஒரு துண்டு குறைவான இடத்தில், அதன் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு போலிச் சிகரமும் வழக்கமாக வரும். ஒரே ஆளுடைய விவரத்தில் அதை எளிதாக ஒதுக்கிவிடலாம். இரண்டு மூன்று பேர் கலந்த தடயத்தில், அது போலியா, குறைவாகப் பங்களித்த இன்னொருவரின் அல்லீலா என்று சொல்வது கடினம். கலப்புத் தடயத்துக்கு எளிய பெருக்கல் கணக்குப் பொருந்தாது. "இவர் கலந்திருந்தால்", "இவர் கலக்காதிருந்தால்" என்ற இரண்டு நிலைகளில் இந்தச் சிகரங்கள் தோன்றும் வாய்ப்புகளை ஒப்பிடும் விகிதத்தைக் கணக்கிட வேண்டும்.

கடைசியாக, இந்த எண் எதுவும் மனிதத் தவறைச் சேர்த்துக்கொள்வதில்லை. குழாய்கள் மாறிப்போவதும் ஒரு மாதிரி இன்னொன்றில் கலப்பதும், கோடியில் ஒன்றைவிட எவ்வளவோ அடிக்கடி நிகழக்கூடியவை. அங்கே பெருக்கல் விதிக்கு வேலையே இல்லை. அதற்கான காப்புகள் வேறு: டி.என்.ஏ. சேர்க்காத வெற்றுக் குழாயில் சிகரம் எதுவும் வரவில்லை என்ற பதிவு, பணியாளர்களின் விவரங்களோடு ஒப்பிட்ட பதிவு, மீதமுள்ள தடயத்திலிருந்து தனியாக எடுத்துச் செய்த மறுசோதனை. இவற்றின் பதிவேடுகள் எண்ணோடு சேர்த்துத் தரப்படாவிட்டால், வழக்கறிஞர் முதலில் கேட்க வேண்டியவை இவைதான்.